கார்னோ கணக்கில் 72.6% வருகிறது, வரம்பு 62.5% தானே? எங்கே இடிக்கிறது?

மெக்_இரண்டாமாண்டு

தெர்மோ அசைன்மென்ட்டில் ஒரு கணக்கு, ரெண்டு நாளாகப் படுத்துகிறது. 1 கிலோ காற்று, கார்னோ சுழற்சி, மேலே 800 கெல்வின், கீழே 300 கெல்வின். கேள்வியிலேயே V1 = 0.05, V2 = 0.10, V4 = 0.70 கன மீட்டர் என்று கொடுத்துவிட்டார்கள். V3 மட்டும் நாம் கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம் எஃபிஷியன்சி. 1-2 ஐசோதெர்மல் விரிவு, 2-3 அடியபாட்டிக் விரிவு, 3-4 ஐசோதெர்மல் அமுக்கம், 4-1 அடியபாட்டிக் அமுக்கம். நான் போட்டது:

```
V3 = 0.10 × (800/300)^2.5 = 1.161
QH = 0.287 × 800 × ln(0.10/0.05)  = 159.1 kJ
QL = 0.287 × 300 × ln(1.161/0.70) = 43.6 kJ
η  = 1 − 43.6/159.1 = 0.726
```

ஆனால் 1 − 300/800 = 0.625. கார்னோவை மிஞ்ச முடியாது என்று அதே பாடத்தில்தான் படித்தேன்! வகுப்பில் கேட்டதற்கு "62.5 என்று எழுதிவிடு, மார்க் வந்துவிடும்" என்று பதில் வந்தது. எனக்கு மார்க் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் இது ஏன் இப்படி வருகிறது என்று தெரிய வேண்டும்.

கடைசிபெஞ்ச்

γ = 1.4 போட்டிருக்கிறாய் பார், அதுதான். 1.4 அறை வெப்பநிலைக் காற்றுக்கு. 800 கெல்வினில் அது 1.35 பக்கம் இறங்கிவிடும். சராசரி எடுத்துப் போட்டுப் பார்.

மெக்_இரண்டாமாண்டு

போட்டேன் அண்ணா. 1.37 வைத்தால் 61.9% வருகிறது. கிட்டத்தட்ட சரி! ஆனால் ஆசைக்கு 1.35 வைத்துப் பார்த்தால் 53.7% ஆகிவிடுகிறது. இப்போது இன்னும் குழப்பம்.

கடைசிபெஞ்ச்

1.37தான் சரி, அதோடு விடு.

தெர்மோ_டீச்சர்

விடாதே. 61.9 தற்செயலாக வந்தது. காற்றின் γ வெப்பநிலையோடு குறைவது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் 1 − TL/TH என்ற கோவையில் γ எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. ஹீலியம் போட்டாலும் காற்று போட்டாலும் அதே விடை வர வேண்டிய இடத்தில், உன் கணக்கு γ-வை மாற்றினால் 72, 61, 53 என்று ஆடுகிறது. அந்த ஆட்டத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருக்கலாம், பிழை வாயுவின் குணத்தில் இல்லை, சுழற்சியின் வடிவத்தில் இருக்கிறது.

நீ செய்யாமல் விட்ட ஒரு படி இருக்கிறது: 4-லிருந்து 1-க்குத் திரும்பிப் போகிறதா என்று பார்க்கவில்லை. 300 கெல்வினில் 0.70 கன மீட்டரில் இருக்கும் காற்றை அடியபாட்டிக்காக 800 கெல்வின் வரும்வரை அமுக்கு. உன் γ = 1.4-க்கு அந்த விகிதம் 11.61. 0.70-ஐ அதால் வகுத்தால் 0.0603. தொடங்கிய இடமோ 0.05. அழுத்தத்தில் சொன்னால் 45.9 பாரில் கிளம்பி 38.1 பாரில் வந்து நிற்கிறாய். சுழற்சி மூடவே இல்லை.

சரி, 0.05 வரைக்கும் விடாமல் அமுக்கினால் என்ன என்று கேட்பாய். போட்டுப் பார், வெப்பநிலை 862 கெல்வினுக்கு ஏறிவிடும், அதாவது வெப்ப மூலத்தைவிடக் காற்று சூடாகிவிடும். அதுவும் கார்னோ இல்லை.

மெக்_இரண்டாமாண்டு

மேடம், மூடவில்லை என்பது புரிகிறது. ஆனால் மூடாததால் ஏன் எஃபிஷியன்சி கூடுதலாகத் தெரிய வேண்டும்? குறைவாகத்தானே வரணும்?

தெர்மோ_டீச்சர்

நல்ல கேள்வி. மூடிவிட்டுப் பார், தானாகத் தெரியும். 800 கெல்வினில் 0.0603-இல் நிற்கும் காற்றை 0.05-க்குக் கொண்டுபோக ஒரே நியாயமான வழி, அதே 800 கெல்வினில் ஐசோதெர்மலாக அமுக்குவது. அப்போது வெப்பம் வெளியே போகும், மேல் மூலத்துக்கே:

```
0.287 × 800 × ln(0.0603/0.05) = 42.9 kJ
QH (நிகரம்) = 159.1 − 42.9 = 116.2 kJ
η = 1 − 43.6/116.2 = 0.625
```

வந்துவிட்டதா? நீ மூலத்திடம் வாங்கியது 159, அதில் 43 திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். அந்தக் கடனை அடைக்காமலே லாபக் கணக்கு எழுதியதால் 72.6 வந்தது. V4-ஐ 0.40 என்று கொடுத்திருந்தால் எதிர்ப்பக்கம் விழுந்து 42% வந்திருக்கும்.

எந்தச் சுழற்சிக்கும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. உள்ளே வந்த வெப்பத்தை அது வந்த வெப்பநிலையால் வகு, வெளியே போனதை அது போன வெப்பநிலையால் வகு. உன் கணக்கில் 159.1/800 = 0.199, 43.6/300 = 0.145. மீள் சுழற்சியில் இரண்டும் சமமாக வேண்டும், இல்லாவிட்டால் மீதி 0.054 காற்றுக்குள்ளேயே என்ட்ரோபியாகத் தங்கியிருக்கிறது என்று பொருள். மூடிய பிறகு 116.2/800 = 0.145, சமம். வரம்பு வருவதும் இங்கிருந்துதான்: உள்ளே வந்த 0.145-ஐ எப்படியாவது வெளியே தள்ளியாக வேண்டும், வேலையோடு என்ட்ரோபி போகாது, 300 கெல்வினுக்குத்தான் தள்ள முடியும், ஆக 300 × 0.145 = 43.6 கிலோஜூல் போயே தீரும். இதில் உராய்வுக்கு இடமே இல்லை, எல்லாம் வழுவழு என்று இருந்தாலும் இதே கதைதான்.

ஆகவே V4 உன் இஷ்டத்துக்கு இல்லை. V1, V2, இரண்டு வெப்பநிலைகள், வாயு இவை தெரிந்ததும் V4 = V3 × V1/V2 = 0.581 என்று தானாக முடிவாகிவிடுகிறது. γ வெப்பநிலையோடு மாறினாலும் V3/V2-வும் V4/V1-உம் ஒரே அளவுதான் மாறும், ஏனென்றால் இரண்டு அடியபாட்டிக்குகளும் அதே 800-க்கும் 300-க்கும் இடையில் ஓடுகின்றன. கேள்வி எழுதியவர் ஒரு தகவலைக் கூடுதலாகக் கொடுத்து முரண்பட வைத்துவிட்டார். வேண்டுமென்றே வைத்த பொறியா, அச்சுப் பிழையா என்று எனக்குத் தெரியவில்லை.

ஷிஃப்ட்_பாய்லர்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் 210 மெகாவாட் யூனிட் ஒன்றில் இருக்கிறேன். மெயின் ஸ்டீம் 150 பார், 540 டிகிரி. கண்டன்சர் 45 டிகிரி. உங்கள் வாய்ப்பாட்டில் போட்டால் 61% வருகிறது. எங்களுக்கு 38 வந்தாலே இனிப்பு வாங்கிக் கொடுப்பார்கள். மீதி 23 எங்கே? நாங்கள் அவ்வளவு மோசமாகவா ஓட்டுகிறோம்?

தெர்மோ_டீச்சர்

ஓட்டுவது மோசமில்லை சார், 540 என்ற எண்ணைத்தான் தப்பான இடத்தில் போட்டுவிட்டீர்கள். உங்கள் பாய்லருக்குள் தண்ணீர் எத்தனை டிகிரியில் நுழைகிறது?

ஷிஃப்ட்_பாய்லர்

எகனாமைசர் இன்லெட்டில் 240 பக்கம்.

தெர்மோ_டீச்சர்

அதான். 240-இல் நுழைந்து, 340 சுமாரில் கொதித்து, கடைசியில்தான் 540 ஆகிறது. வெப்பத்தின் பெரும்பகுதி 540-இல் ஏறவே இல்லை. கார்னோவில் எல்லா வெப்பமும் உச்ச வெப்பநிலையிலேயே ஏறும், வித்தியாசம் அதுதான். ரீஹீட்டை இப்போதைக்கு விட்டுவிட்டு நீராவி அட்டவணையில் பார்த்தால் ஏறும் வெப்பம் கிலோவுக்கு ஏறக்குறைய 2380 கிலோஜூல், என்ட்ரோபி உயர்வு 3.8. வகுத்தால் சராசரி வெப்பநிலை 626 கெல்வின், அதாவது 350 டிகிரி சுமார். 1 − 318/626 என்றால் 49%. அதற்கு மேல் பாய்லர் புகைபோக்கியில் விடுவது, டர்பைன் இழப்பு இரண்டையும் கழித்தால் 38-க்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். ஆக உங்கள் 23-இல் பாதியை எந்த ஆப்பரேட்டராலும் மீட்க முடியாது, அந்தச் சுழற்சியே அப்படி. ஃபீட் ஹீட்டர்களை நிறுத்தினால் அந்தச் சராசரி இன்னும் இறங்கும்.

கடைசிபெஞ்ச்

இவ்வளவு சுற்ற வேண்டாமே. 1975-இல் கர்சன், ஆல்போர்ன் என்று இரண்டு பேர் எழுதினார்கள், நடைமுறை வரம்பு `1 − √(TL/TH)`. சாருக்குப் போடுங்கள்: 37.5%. அப்படியே பொருந்துகிறது.

தெர்மோ_டீச்சர்

பொருந்துவது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது வரம்பு இல்லை. வெப்பம் உள்ளே வரவும் வெளியே போகவும் நேரம் பிடிக்கிறது, மற்றபடி இன்ஜின் மீள்தன்மையோடு ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு, அதிகபட்ச *பவர்* எடுக்கும்போது எஃபிஷியன்சி எவ்வளவு என்பதற்கான கோவை அது. கொஞ்சம் பவரை விட்டுக்கொடுத்தால் அதைத் தாண்டலாம். அவர்கள் கட்டுரையிலேயே கனடாவின் கேண்டு அணுமின் நிலையத்துக்குக் கோவை 28 என்கிறது, நடப்பில் 30.

கடைசிபெஞ்ச்

அதே கட்டுரையில் இங்கிலாந்து நிலக்கரி நிலையத்துக்கு 40, நடப்பில் 36. லார்டெரெல்லோ புவிவெப்ப நிலையத்துக்கு 17.5, நடப்பில் 16. மூன்றுமே பக்கத்தில்தானே இருக்கின்றன? வெறும் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தெர்மோ_டீச்சர்

தற்செயல் மட்டுமே என்று நானும் சொல்லவில்லை. நான் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

மெக்_இரண்டாமாண்டு

மேடம் கடைசியாக ஒன்று. என் 800/300 காற்று இன்ஜினில் எல்லா வெப்பமும் 800-இல்தானே ஏறுகிறது, பாய்லர் மாதிரி இல்லையே. அப்போ அதையே கட்டிவிடலாமே? ஐசோதெர்மலுக்கு மெதுவாக ஓட்டணும் என்பது தெரியும், மெதுவாகவே ஓட்டட்டும்.

தெர்மோ_டீச்சர்

V4 = 0.581 வைத்து வேலைகளைத் தனித்தனியாக எழுது. இரண்டு விரிவுகளும் சேர்ந்து தருவது 159 + 359 = 518 கிலோஜூல். இரண்டு அமுக்கங்களும் தின்பது 60 + 359 = 419. மிச்சம் 99. இப்போது விரிவில் 10% இழப்பு, அமுக்கத்திலும் அப்படியே என்று தோராயமாக வை. 518 × 0.9 = 466. 419 / 0.9 = 465. கையில் 1 கிலோஜூல். பேப்பரில் 62.5%, ஓட்டினால் அநேகமாகத் தன்னையே சுற்றிக்கொள்ளும் இயந்திரம்.

சிலிண்டரும் பார். 46 பார் தாங்கும் கனத்தில், 1.16 கன மீட்டர் கொள்ளளவில் கட்ட வேண்டும். அதிலிருந்து வரும் சராசரி பயனுள்ள அழுத்தம் 0.9 பார்கூட இல்லை. ஷிஃப்ட் சார் ஆலையில் தண்ணீரைத் திரவமாகவே பம்ப் செய்வதால் அமுக்க வேலை டர்பைன் வேலையில் ஓரிரு சதவீதம்தான். 61-ஐ விட்டு 49-க்கு இறங்கி அவர்கள் வாங்கிக்கொண்டது அதைத்தான்.

ஷிஃப்ட்_பாய்லர்

ஃபீட் பம்ப் தின்பதைப் பார்த்தால் ஓரிரு சதவீதம் மாதிரியா தெரிகிறது எங்களுக்கு! சரி, கணக்குக்கு ஒத்துக்கொள்கிறேன்.

மெக்_இரண்டாமாண்டு

அசைன்மென்ட்டில் 4-1 மூடவில்லை என்று காட்டி, V4 = 0.581 எடுத்து 62.5 எழுதப்போகிறேன். 0.70 ஏன் தப்பு என்று அரைப் பக்கம். மார்க் போடுவாரா தெரியவில்லை.

கடைசிபெஞ்ச்

அரைப் பக்கம் வேண்டாம், 862 கெல்வின் என்ற எண்ணை மட்டும் எழுது. அதைப் படிப்பார்.