கல்லூரி ஜிமெயிலை மூடப் போகிறார்கள், எதை முதலில் மாற்றுவது? (அவசரம்)

நெல்லை_இசிஇ
படிப்பு முடிந்துவிட்டது. கல்லூரி மெயில் இந்த மாதக் கடைசியோடு நின்றுவிடும் என்று டிபார்ட்மென்ட் குரூப்பில் போட்டுவிட்டார்கள். எல்லாமே அதில்தான் இருக்கிறது. ஃபைல்களை எப்படி எடுப்பது, அப்புறம் அக்கவுண்டை எப்படி டெலிட் செய்வது? செட்டிங்ஸில் தேடித் தேடிப் பார்த்தும் டெலிட் ஆப்ஷனே காணோம். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

பழனி_டெக்
கூகுளா, மைக்ரோசாஃப்டா? எத்தனை ஜிபி? "எல்லாமே" என்றால் மெயிலா, டிரைவா, போட்டோவா? இதைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

கோவை_குமரன்
இதில் என்ன கஷ்டம்? myaccount.google.com போய் Data & privacy, கீழே Delete your Google Account. பாஸ்வேர்ட் கொடுத்தால் வேலை முடிந்தது. என் பழைய அக்கவுண்டை இப்படித்தான் எடுத்தேன்.

சர்வர்ரூம்
குமரன், அது சொந்த ஜிமெயிலுக்கு. கல்லூரி கொடுத்த அக்கவுண்டில் அந்த ஆப்ஷன் வராது, ஏனென்றால் அக்கவுண்ட் கல்லூரியுடையது. அதை நீக்குவது அட்மின் மட்டும்தான். நான் ஒரு கல்லூரியில் அந்த வேலையைப் பார்க்கிறவன். அட்மின் நீக்கிய பிறகு 20 நாளுக்குள் என்றால் அவரே திரும்பக் கொண்டுவரலாம். அதைத் தாண்டினால் யாராலும் முடியாது.

அதனால் நெல்லை, டெலிட் செய்வதை மறந்துவிடுங்கள். உங்கள் வேலை அக்கவுண்டைக் காலி செய்வதும், அதோடு பிணைத்து வைத்த லாகின்களை அவிழ்ப்பதும்தான். லாகினில் ஆரம்பியுங்கள். ஃபைலை எடுக்க லாகின் இருந்தால் போதும், ஆனால் லாகினை மாற்றுவதற்கான உறுதி மெயில் பல தளங்களில் அந்தப் பழைய முகவரிக்குத்தான் வரும். முகவரி போய்விட்டால் அந்தத் தளங்களுக்குள் நுழைவதே கஷ்டமாகிவிடும்.

மூத்தவன்
முதல் செமஸ்டரிலேயே சொந்த மெயிலில் பதிவு செய்திருந்தால் இந்தத் தலைவலி உண்டா? கல்லூரி மெயிலைக் கல்லூரி வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அடிப்படை. வருடா வருடம் மே மாதம் வந்தால் இதே கேள்வி. முன்பு எழுதியதையாவது தேடிப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

பழனி_டெக்
மூத்தவன் அண்ணா, கிட்ஹப் ஸ்டூடண்ட் பேக் கேட்டால் கல்லூரி மெயிலைத்தான் போடு என்கிறது. பிளேஸ்மென்ட் பிரிவும் அதையேதான் கேட்கிறது. பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

நெல்லை_இசிஇ
ஸாரி, கூகுள்தான். டிரைவில் 22 ஜிபி இருக்கிறது, பெரும்பாலும் லேப் வீடியோ. என் சொந்த ஜிமெயிலில் போட்டோவே 11 ஜிபி எடுத்துவிட்டது. லாகின் என்றால் கிட்ஹப், லிங்க்ட்இன், ஓவர்லீஃப், கேன்வா, நோஷன், என்பிடெல். அப்புறம் வேலை கிடைத்த கம்பெனியும் அந்த மெயிலுக்குத்தான் ஆஃபர் லெட்டர் அனுப்பியிருக்கிறது. ஜாயினிங் தேதி இன்னும் வரவில்லை. ஃபைலை வேறு அக்கவுண்டுக்கு நகர்த்தலாம் என்று takeout.google.com/transfer போனால் இந்த அக்கவுண்டுக்குக் கிடையாது என்கிற மாதிரி வருகிறது.

தஞ்சை_மீனா
டிரைவில் ஃபைலை ரைட் கிளிக் செய்து ஷேர் போய், சொந்த ஜிமெயிலைச் சேர்த்து Transfer ownership கொடுங்கள். 22 ஜிபி ஒரே நாளில் முடிந்துவிடும். இல்லையென்றால் டிரைவின் டெஸ்க்டாப் ஆப்பைப் போட்டு, அந்த ஃபோல்டரை அப்படியே பெண்டிரைவுக்கு இழுத்துவிடுங்கள்.

சர்வர்ரூம்
மீனா, உரிமை மாற்றுவது ஒரே கல்லூரிக்குள் நடக்கும். கல்லூரி அக்கவுண்டிலிருந்து சொந்த ஜிமெயிலுக்கு நடக்காது. பெண்டிரைவ் யோசனை வீடியோ, பிடிஎஃப், ஜிப் எல்லாவற்றுக்கும் சரி. ஆனால் கூகுள் டாக்ஸ், ஷீட்ஸில் ஏமாந்துவிடுவார்கள். அந்த ஃபோல்டரில் `.gdoc`, `.gsheet` என்று தெரிவதில் எழுத்தே இருக்காது, வெறும் முகவரிதான். சந்தேகமிருந்தால் சைஸைப் பாருங்கள்: நூறு பக்க ரிப்போர்ட் 1 கேபி என்று காட்டினால் உள்ளே ஒன்றும் இல்லை. அக்கவுண்ட் போன அன்றே அது செத்துவிடும்.

நெல்லை, உங்கள் அட்மின் டிரான்ஸ்ஃபரை மூடி வைத்திருக்கிறார். இருந்திருந்தாலும் உங்கள் சொந்த ஜிமெயிலில் மீதி 4 ஜிபிதான், 22 நுழையாது. அதனால் எல்லாவற்றையும் ஜிப்பாகக் கட்டி இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட்தான் வழி. takeout.google.com போய், எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்காமல், டிரைவ் மட்டும் ஒன்று, மெயில் மட்டும் ஒன்று என்று கேளுங்கள். டாக்ஸ் தானாக வேர்ட் ஃபைலாக மாறி வரும். தயாரானதும் லிங்க் உங்கள் கல்லூரி மெயிலுக்கு வரும், அது 7 நாள்தான் உயிரோடு இருக்கும். ஜிப் தயாராக நேரம் பிடிக்கும், கடைசி நாளில் அழுத்தினால் லிங்க் வருவதற்குள் மெயில் போய்விடும். இன்றே அழுத்துங்கள். இறக்கியதும் ஜிப்பைத் திறந்து நாலு ஃபைலையாவது கிளிக் செய்து பாருங்கள்.

பழனி_டெக்
மெயில் டேக்அவுட்டில் `.mbox` ஆக வரும், அதைச் சொந்த ஜிமெயிலில் நேராக ஏற்ற முடியாது. தண்டர்பேர்ட் என்கிற மெயில் ஆப்பில் ஒரு ஆட்-ஆன் போட்டுப் படிக்கலாம். மெயிலை வெளி ஆப்பில் திறக்க விடும் ஐமேப்பை உங்கள் கல்லூரி மூடவில்லை என்றால் இன்னும் சுலபம்: தண்டர்பேர்டில் இரண்டு அக்கவுண்டையும் சேர்த்துவிட்டு, வேண்டிய லேபிளை மட்டும் இங்கிருந்து அங்கே இழுத்துவிடலாம்.

சர்வர்ரூம்
லாகினுக்கு வருவோம். myaccount.google.com/connections பக்கத்தில் "கூகுள் மூலம் உள்ளே வா" என்று நுழைந்த தளங்கள் எல்லாம் பட்டியலாக இருக்கும். ஆனால் மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் போட்டுப் பதிந்தவை அதில் வராது. அவற்றைக் கல்லூரி ஜிமெயிலின் தேடல் பெட்டியில் இப்படிப் பிடியுங்கள்:

```
subject:(verify OR confirm OR welcome OR activate)
```

இனி ஒவ்வொன்றாக. கேன்வாவை எடுத்துக்கொள்வோம், கூகுள் பட்டனால் நுழைந்தீர்கள், பாஸ்வேர்டே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பாஸ்வேர்ட் ஒன்று உருவாக்குங்கள். செட்டிங்ஸில் அதற்கு இடம் இல்லாத தளங்களில், வெளியே வந்து "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" கொடுத்தால் பெரும்பாலும் வேலை நடக்கும், லிங்க் கல்லூரி மெயிலுக்கு வரும். பாஸ்வேர்ட் வந்தபின் முகவரியைச் சொந்த மெயிலுக்கு மாற்றுங்கள். உறுதி செய்துவிட்டு வெளியே வாருங்கள், பிரவுசரில் இன்காக்னிட்டோ விண்டோ திறந்து புது முகவரியால் நுழைந்து பாருங்கள். நுழைந்தால் மட்டும் கூகுள் இணைப்பைத் துண்டியுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவர்கள்தான் என்னிடம் வந்து நிற்பார்கள்.

கோவை_குமரன்
இவ்வளவு எதற்கு? கல்லூரி மெயிலில் ஃபார்வர்டிங் போட்டுவிட்டால் எல்லாம் சொந்த மெயிலுக்கு வந்துவிடுமே.

பழனி_டெக்
அக்கவுண்ட் இருக்கிற வரைக்கும் வரும். அது போனால் ஃபார்வர்டிங்கும் கூடவே போகும். இருக்கிற சில நாளில், எந்தத் தளம் இன்னும் பழைய முகவரிக்கு எழுதுகிறது என்று கண்டுபிடிக்க மட்டும் உதவும்.

திருச்சி_ஆதி
எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். என் ஃபோனில் வாட்ஸப் பேக்கப் கல்லூரி அக்கவுண்டின் டிரைவுக்குப் போய்க்கொண்டிருந்தது, எனக்கே தெரியாது. அக்கவுண்ட் மூடிய பிறகு ஃபோன் மாற்றினேன், பழைய சாட் எதுவும் வரவில்லை. அம்மா அனுப்பிய வாய்ஸ் எல்லாம் அதில்தான் இருந்தது. வாட்ஸப் செட்டிங்ஸில் Chats, Chat backup போய் எந்த கூகுள் அக்கவுண்ட் என்று பாருங்கள். மாற்றியதும் ஒரு பேக்கப் கையால் அழுத்துங்கள். க்ரோமில் சேமித்த பாஸ்வேர்டும் அப்படித்தான், passwords.google.com செட்டிங்ஸில் எக்ஸ்போர்ட் இருக்கிறது.

தஞ்சை_மீனா
கிட்ஹப்பில் பழைய மெயிலை நீக்கச் சொல்லாதீர்கள். என் தங்கை நீக்கினாள், எந்தெந்த நாளில் கோடு ஏற்றினாள் என்று காட்டுகிற நாலு வருட பச்சைக் கட்டங்கள் எல்லாம் காணாமல் போய்விட்டன. இன்டர்வியூவில் காட்ட ஒன்றும் இல்லை.

மூத்தவன்
நீக்கத்தான் வேண்டும். நாளைக்கு அதே முகவரியைக் கல்லூரி வேறு பையனுக்குக் கொடுத்தால்? "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" கொடுத்து அவன் உங்கள் கிட்ஹப்புக்குள் வந்துவிடுவான். பச்சைக் கட்டத்துக்காகப் பாதுகாப்பை விடுவது சரியா?

தஞ்சை_மீனா
ரோல் நம்பரில் இருக்கிற முகவரியை யாருக்குத் திருப்பிக் கொடுப்பார்கள்?

மூத்தவன்
எல்லாக் கல்லூரியிலும் ரோல் நம்பர் இல்லை. பெயரும் இனிஷியலும் இருக்கிற கல்லூரிகள் ஏராளம். அட்மின் நினைத்தால் பாஸ்வேர்டை மாற்றி உள்ளேயே போகலாம், அதையும் யோசியுங்கள்.

சர்வர்ரூம்
இருவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. கமிட்டில், அதாவது நீங்கள் ஏற்றிய ஒவ்வொரு கோடு மாற்றத்திலும், பதிந்த மெயிலை வைத்துத்தான் கிட்ஹப் அதை உங்கள் கணக்கோடு சேர்க்கிறது. மெயிலை நீக்கினால் கமிட் அழியாது, உங்கள் பெயரோடு இருந்த தொடர்பு மட்டும் அறுந்துவிடும். முகவரியை அங்கேயே விட்டுவிட்டு, Settings, Emails பக்கத்தில் சொந்த மெயிலை Primary ஆக்குங்கள். அதற்குக் கீழே Backup email address என்பதில் Only allow primary email தேர்ந்தெடுங்கள். பழைய முகவரிக்குப் பாஸ்வேர்ட் லிங்க் போகாது.

மூத்தவன்
சரி, அப்படியும் செய்யலாம். என்னைக் கேட்டால் நான் நீக்கிவிடுவேன்.

பழனி_டெக்
நெல்லை, கம்பெனி எச்.ஆருக்கு இன்றே எழுதுங்கள், கல்லூரி மெயிலிலிருந்தே. சொந்த முகவரியை சிசியில் வைத்து, இனி இதற்கு அனுப்புங்கள் என்று சொல்லுங்கள். பழைய முகவரியிலிருந்து போனால்தான் நீங்கள்தான் எழுதுகிறீர்கள் என்று நம்புவார்கள். ஆஃபர் லெட்டர் மெயிலையும் பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். வெகேஷன் ரெஸ்பான்டரில் புது முகவரியைப் போட்டு விடுங்கள், மூடுகிற நாள் வரை பதில் போய்க்கொண்டிருக்கும். என்பிடெல் சான்றிதழ்களை இப்போதே இறக்கிவிடுங்கள்.

நெல்லை_இசிஇ
எல்லாருக்கும் நன்றி. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் டீம்மேட்டின் டிரைவில் இருக்கிறது, எனக்கு ஷேர் மட்டும்தான். அது டேக்அவுட்டில் வருமா?

சர்வர்ரூம்
அதை நம்பி இருக்காதீர்கள். டீம்மேட்டுக்கும் அதே தேதிதானே, அவர் அக்கவுண்ட் நீங்கினால் ஃபைலும் எல்லாருக்கும் போய்விடும். அந்த ஃபைலில் File, Make a copy கொடுத்தால் நகல் உங்கள் டிரைவில் உங்கள் பெயரில் விழும். அதற்குப் பிறகு டேக்அவுட் அழுத்துங்கள், அந்த நகலும் ஜிப்பில் வரும். முன்பே அழுத்தியிருந்தால் இந்த ஒன்றை மட்டும் தனியாக வேர்டாக இறக்கிக்கொள்ளுங்கள்.

திருச்சி_ஆதி
டீம்மேட்டிடமும் சொல்லிவிடுங்கள்.

கோவை_குமரன்
எனக்கு ஒரு சந்தேகம். பழைய மாணவர்களுக்கு மெயிலை அப்படியே விட்டால் கல்லூரிக்கு என்ன நஷ்டம்? பட்டம் வாங்கியவர்களுக்கு ஒரு முகவரிகூடக் கிடையாதா?

சர்வர்ரூம்
முன்பு கூகுள் கல்விக்கூடங்களுக்கு அளவில்லாத இடம் கொடுத்தது. 2022 ஜூலையிலிருந்து மொத்தக் கல்லூரிக்கும் சேர்த்து 100 டிபி என்று வரம்பு வந்துவிட்டது. ஐயாயிரம் பேர் படிக்கிற இடத்தில் ஆளுக்கு 20 ஜிபி, பழைய ஆட்களும் இருந்தால் படிக்கிறவனுக்கு இடம் போதாது. மெயில் மட்டும் வைத்து டிரைவைக் குறைக்கலாமே என்று எங்கள் நிர்வாகத்திடம் நானே கேட்டிருக்கிறேன். இன்னும் முடிவு வரவில்லை.

மூத்தவன்
வைத்தாலும் பிரச்சினைதான். யாரும் பார்க்காத பழைய அக்கவுண்டுகள்தான் முதலில் ஹேக் ஆகும்.

கோவை_குமரன்
அதற்காக எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டுமா? மெயில் மட்டுமாவது விடலாம்.

நெல்லை_இசிஇ
அப்டேட்: டிரைவ் ஜிப்கள் வந்துவிட்டன, அண்ணன் லேப்டாப்பில் இறக்கியாயிற்று, திறந்தும் பார்த்தேன். எச்.ஆர் புது முகவரிக்குப் பதில் போட்டார். நோஷன், கேன்வா மாறிவிட்டன. ஓவர்லீஃப் உறுதி மெயில் மட்டும் இன்னும் வரவில்லை, ஸ்பேமிலும் இல்லை.

பழனி_டெக்
புது முகவரி பெட்டியில் பார்த்தீர்களா, பழையதிலா?