சூப்பர்வைசர் இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி

செக்கிங் டேபிள்

எங்க காம்பவுண்டுல ஒரு அண்ணன், திருப்பூர்ல டி-சர்ட் லைன்ல ஓவர்லாக் ஓட்டறவர். காலைல வேற ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில லைன் சூப்பர்வைசர் இன்டர்வியூ. கேட்கப்போற மேனேஜர் வெளி மாநிலம், தமிழ் தெரியாது. ராத்திரி பவர் கட், வாசல்ல உட்கார்ந்து பி.காம் படிக்கிற மகள் அப்பாவைத் தயார் பண்ணிட்டிருந்துச்சு. நாங்க நாலு பேர் சுத்தி.

பாப்பா போன்ல பார்த்து எழுதி வச்ச பதில்கள், "ஐ ஆம் ஹார்ட்வொர்க்கிங், ஐ ஆம் டீம் பிளேயர்" மாதிரி. அண்ணன் அதை மனப்பாடமா ஒப்பிச்சார். பாப்பா, "அப்பா, ஸ்லீவ் அட்டாச்ல ஒருத்தர் லீவு. நீங்க என்ன பண்ணுவீங்க? இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்று கேட்டதும் அப்படியே நின்னுட்டார். ஒரு வார்த்தை வரல. பாப்பா நோட்டை மூடி வச்சிட்டு, "சரி, தமிழ்லயே சொல்லுங்க" என்றது.

அப்ப வந்துது பாருங்க பதில். "ஸ்லீவுக்கு ரெண்டு பேர், ஆளுக்கு மணிக்கு 55 பீஸ். ஒருத்தர் இல்லேன்னா 55 தான் வரும். சைடு சீம்ல மூணு பேர் ஆளுக்கு 40. அதுவும் ஓவர்லாக், இதுவும் ஓவர்லாக், அதே மிஷின், அதே நூலு. அங்கிருந்து ஸ்லீவ் தெரிஞ்ச ஒருத்தரை மாத்தினா அவர் புதுசுல 35 அடிப்பார். ஸ்லீவ்ல 90 ஆச்சு, சைடு சீம்ல 80. லைன் 80ல ஓடும். 55க்கு 80 பரவாயில்ல கண்ணு."

பாப்பா அதையே திருப்பிப் போட்டுது. "ஃபர்ஸ்ட் ஐ செக் வெயிட்டிங் பீசஸ். தென் ஐ மூவ் ஒன் சைட் சீம் ஆபரேட்டர் டு ஸ்லீவ். தென் ஐ இன்ஃபார்ம் இன்சார்ஜ். ஐ செக் அவுட்புட் எவ்ரி அவர்." நாலு வாக்கியம். அண்ணனுக்குப் புதுசா ஒரு வார்த்தைகூட இல்ல, எல்லாம் தினமும் ஃப்ளோர்ல சொல்றதுதான். மூணாவது தடவை பார்க்காம சொல்லிட்டார்.

இதே மாதிரி யாரையாவது தயார் பண்ணினதைப் பார்த்தவங்க சொல்லுங்க. அந்த நாலு வாக்கியம் போதுமா?

இங்கிலீஷ் டீச்சர்

அந்தப் பாப்பாவின் அக்கறை புரிகிறது, ஆனால் "ஐ மூவ் ஒன் ஆபரேட்டர்" என்பது தவறு. என்ன செய்வீர்கள் என்று கேட்டால் "ஐ வுட் மூவ்" என்றுதான் தொடங்க வேண்டும். இலக்கணப் பிழையோடு பேசினால் முதல் நிமிடத்திலேயே மதிப்பு போய்விடும். சுய அறிமுகத்தைப் பத்து வாக்கியமாக எழுதி மனப்பாடம் செய்வதுதான் சரியான வழி: பெயர், ஊர், படிப்பு, குடும்பம், அனுபவம், பலம், பலவீனம், ஐந்து ஆண்டில் எங்கே இருப்பீர்கள். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்க வேண்டும்.

எண்களையும் தனியாகப் பழக்குங்கள். செவன்டீன், செவன்டி இரண்டையும் நம்மவர்கள் ஒரே மாதிரி சொல்வார்கள். 17ல் அழுத்தம் "டீன்" மேல் விழ வேண்டும், அதை இழுக்கவும் வேண்டும். 70ல் "செவ" மேல் அழுத்தம், கடைசியில் "டி" சட்டென்று முடியும். 13-30, 14-40, 15-50 எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சந்தேகம் வந்தால் "செவன் ஜீரோ" என்று இலக்கமாகச் சொல்லிவிடலாம். உற்பத்தி வேலையில் பாதிப் பதில் எண்தான் என்பதால் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குவது வீண் இல்லை.

ஐஇ தம்பி

டீச்சர் சொன்ன நம்பர் விஷயம் ரொம்ப சரி. மீதியை ஒத்துக்க மாட்டேன். பத்து வாக்கிய அறிமுகத்துல எட்டாவது மறந்தா ஒன்பதும் வராது. இலக்கணம் பார்த்து சூப்பர்வைசரை எடுக்கறதில்லீங்க. நாலு சின்ன வாக்கியம் சொல்லி நிறுத்தினா அடுத்த கேள்வி அதிலிருந்தே வரும், அது அவருக்குத் தெரிஞ்ச இடம்.

அதனால நாலு வாக்கியம் போதும், ஆனா ரெண்டாவது கேள்வியையும் பழகணும். "சைடு சீம்ல ஆளை எடுத்தா அங்க குறையுமே?" என்று கண்டிப்பா கேட்பாங்க. "யெஸ், சைட் சீம் கம்ஸ் டு எய்ட்டி. வித்தவுட் சேஞ்ச், லைன் இஸ் ஒன்லி ஃபிஃப்டி ஃபைவ்." இவ்வளவுதான். 80 எப்படி வந்துதுன்னு கேட்டா, லைன்ல எந்த ஆபரேஷன் குறைவோ அந்த நம்பர்தான் லைனோட நம்பர்னு சொல்லட்டும்.

முதல் வாக்கியத்தை, அதாவது வெயிட்டிங் பீஸ் பார்க்கிறதை, விட்டுடவே கூடாது. அதைச் சொல்றவர்தான் லைன் ஓட்டினவர்னு தெரியும். சைடு சீமுக்கு முன்னால 100 பீஸ் தேங்கி நின்னா, ஸ்லீவ்ல ஒருத்தர் குறைஞ்சாலும் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் சைடு சீம் நிக்காது. 10 பீஸ்தான் நின்னா கால் மணி நேரத்துல நின்னுடும். ஆளை உடனே மாத்தணுமா, கொஞ்சம் பொறுத்து நிதானமா மாத்தலாமான்னு அந்தக் குவியல்தான் சொல்லும். அதைப் பார்க்காம ஆளைத் தூக்கினா, தேவையே இல்லாத நேரத்துல ரெண்டு இடத்தையும் கெடுத்த மாதிரி.

இன்னொண்ணு: "வாட் இஸ் யுவர் லைன் எஃபிஷியன்சி?" என்று கேட்டா அண்ணன் என்ன சொன்னார்?

செக்கிங் டேபிள்

பாப்பா அதையும் கேட்டுது. டார்கெட் 1000, வர்றது 840, அதனால "எய்ட்டி ஃபோர் பர்சென்ட்" என்றார். சரிதானே?

பல்லடம் லைன்

சரிதான், எல்லா போர்டுலயும் அப்படித்தான் எழுதறாங்க. ஆனா இந்த இங்கிலீஷ் கூத்தே தேவையில்லாதது. ஃப்ளோர்ல பாதிப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். அவங்ககிட்ட "மூவ் டு ஸ்லீவ்"னு சொன்னா பார்த்துட்டு நிப்பாங்க. "தோடா இதர் ஆவோ, ஸ்லீவ் லகாவோ" தெரிஞ்சா லைன் ஓடும். பாப்பா அன்னைக்கு ராத்திரி ஹிந்தியில இருபது வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்கணும்.

ஐஇ தம்பி

84 இல்லீங்க. அது டார்கெட்ல எவ்வளவு வந்துதுங்கற கணக்கு. எஃபிஷியன்சி கேட்கிறவர் சாம் வச்சுக் கேட்கிறார், அதாவது ஒரு பீஸ் தைக்க இவ்வளவு நிமிஷம்னு போட்டு வச்ச கணக்கு. அந்த டி-சர்ட்டோட சாம் 8 நிமிஷம்னு வைங்க. 840 பீஸ் வந்தா 840 × 8 = 6720 நிமிஷ வேலை முடிஞ்சிருக்கு. லைன்ல 20 பேர், ஆளுக்கு 480 நிமிஷம், மொத்தம் 9600. 6720ஐ 9600ஆல வகுத்தா 70 சதவீதம். 84ன்னு சொல்லிட்டு, "சாம் என்ன, எத்தனை பேர்?" என்று கேட்டதும் கணக்கு உதைக்கும். பொய் சொன்னாருன்னு நினைச்சிடுவாங்க. அதைவிட "ஐ டோன்ட் நோ சாம், ஹவர்லி அவுட்புட் ஒன் நாட் ஃபைவ், ட்வென்டி பீப்பிள்" என்று சொன்னா அவரே கணக்குப் போட்டுக்குவார். 840ஐ 8 மணி நேரத்துக்குப் பிரிச்சா அதே 105தான்.

அந்த 1000 டார்கெட்டையும் பாருங்க. மணிக்கு 125 வேணும். ஸ்லீவ்ல ரெண்டு பேரும் இருந்தாலே 110தான் போகும். ஆக அந்த ஆள்பலத்துல 1000 வரவே வராது. "ஒய் டார்கெட் நாட் கம்மிங்?" என்று கேட்டா, ஆபரேட்டர் மேல பழி போடாம இந்தக் காரணத்தைச் சொல்லச் சொல்லுங்க. இருக்கிறதுலயே பலமான பதில் அவர்கிட்ட இதுதான்.

பல்லடம் அண்ணா, ஹிந்தி வேணும்தான், மறுக்கல. ஆனா பகல் ரிப்போர்ட்டும் பையர் ஆடிட்டும் இங்கிலீஷ்ல. இன்டர்வியூவும் அதுலதானே.

பல்லடம் லைன்

ஆடிட்டுக்குக் க்யூசி இருக்காங்க, சூப்பர்வைசர் எதுக்குப் பேசணும்? கேட்டா ஊசி உடைஞ்சா என்ன பண்ணுவேன்னு கேட்பாங்க. "மெட்டல் டிடெக்டர்ல விடுவேன்"னு சொன்னா முடிஞ்சுது.

ஐஇ தம்பி

அங்கதான் ஃபெயில் ஆவாங்க அண்ணா. டிடெக்டர் கடைசி வேலி. ஊசி உடைஞ்ச உடனே மிஷினை நிறுத்தணும், பீஸை அசைக்கக் கூடாது. உடைஞ்ச துண்டு எல்லாத்தையும் எடுத்து, ஒண்ணோட ஒண்ணு பொருத்தி முழு ஊசி ஆகுதான்னு பார்க்கணும். முழுசா பொருந்தினா டேப் போட்டு ரிஜிஸ்டர்ல ஒட்டி, தேதி, மிஷின் நம்பர் எழுதிட்டு, பழசைக் கொடுத்தாத்தான் புதுசு. முனை கிடைக்கலேன்னா காந்தம் வச்சு மேஜை, தரை, மிஷின் ஓரமெல்லாம் தேடணும். அப்பவும் இல்லேன்னா அந்த பண்டிலையும் பக்கத்துல இருந்த பீஸையும் தனியா எடுத்து வச்சுட்டு, அப்புறம்தான் டிடெக்டர். இரும்பு கலந்த பட்டன் வச்ச பீஸா இருந்தா டிடெக்டர் எல்லாத்துக்குமே கத்தும், ஊசிக்குக் கத்துதா பட்டனுக்குக் கத்துதான்னு தெரியாது.

இங்கிலீஷ்ல ஆறே சொல்: ஸ்டாப், கலெக்ட், மேட்ச், ரைட், செர்ச், இன்ஃபார்ம். நடுவுல "மேட்ச்" விட்டா தேடணுமா வேண்டாமான்னே தெரியாது, அதனால வரிசையோட பழகணும்.

ஹோட்டல் மாடி

நான் கோவையில் ஹவுஸ்கீப்பிங் பக்கம். எங்கள் சூப்பர்வைசர் இன்டர்வியூவிலும் இதே கேள்விதான்: ஒரு ரூம் பாய் வரவில்லை, 14 ரூம் நிற்கிறது, என்ன செய்வாய்? செக்-அவுட் ஆன ரூமா, கெஸ்ட் தங்கியிருக்கும் ரூமா என்று முதலில் பிரிக்க வேண்டும். காத்திருக்கும் வருகைக்கான ரூம் முன்னால், தங்கியிருப்பவர்கள் ரூம் பின்னால். "விஐபி ரூம் ஃபர்ஸ்ட்" என்று மட்டும் சொன்னால் போதாது. தையல் லைனுக்கு இது பொருந்துமா தெரியவில்லை, அந்த அண்ணனுக்கு வாழ்த்துகள்.

இங்கிலீஷ் டீச்சர்

பொருந்தவில்லை, அது வேறு வேலை. ஐஇ தம்பி, நீங்கள் சொல்லும் ஒற்றைச் சொல் பாணியில் ஒரு ஆபத்து இருக்கிறது. எதிர்மறைக் கேள்வி வந்தால் என்ன ஆகும்? "யூ ஹேவ் நாட் வொர்க்ட் ஆஸ் சூப்பர்வைசர்?" என்று கேட்பார். நம்மவர் "ஆமாம், செய்யவில்லை" என்ற நினைப்பில் "யெஸ்" என்பார். அவர் காதில் "செய்திருக்கிறேன்" என்று விழும். அடுத்த கேள்வி "எந்தக் கம்பெனியில்?" என்று வரும். பாப்பாவிடம் சொல்லுங்கள், யெஸ், நோ இரண்டையும் தனியாக விடக் கூடாது, பின்னால் உண்மையை ஒட்ட வேண்டும். "நோ, ஐ வாஸ் ஆபரேட்டர். வென் சூப்பர்வைசர் ஆன் லீவ், ஐ டுக் ஹவர்லி அவுட்புட்." இதில் நான் இலக்கணம் பார்க்கவில்லை, கவனித்துக் கொள்ளுங்கள்.

ஐஇ தம்பி

இதை நான் யோசிக்கல டீச்சர். "ஹேவ் நாட்", "டோன்ட் யூ" கேள்வியா ஒரு ஆறேழு கேட்டுப் பழகினா போதும்.

செக்கிங் டேபிள்

இன்டர்வியூ முடிஞ்சுது. ஆள் லீவு கேள்வி வந்துது, ஸ்லீவ் இல்ல, பாட்டம் ஹெம். அது பேட்லாக், வேற மிஷின், ஓவர்லாக் ஆளை அப்படியே உட்கார வைக்க முடியாது. அண்ணன் அதையே சொல்லியிருக்கார்: "திஸ் பேட்லாக், சைட் சீம் ஆபரேட்டர் கேன் நாட். ஐ ஆஸ்க் அதர் லைன்." மேனேஜர் தலையாட்டினாராம், சம்பளம் பத்தி எதுவும் பேசல. திங்கள்கிழமையிலிருந்து மூணு நாள் லைன்ல ட்ரையல். ஸ்கில் சார்ட் போட்டுக் கொண்டு வரச் சொல்லியிருக்காங்க, பாப்பா எப்படிப் போடறதுன்னு கேட்குது.

ஐஇ தம்பி

இடது பக்கம் ஆள் பேர், மேல ஆபரேஷன்: ஷோல்டர், நெக் ரிப், ஸ்லீவ் அட்டாச், சைடு சீம், பாட்டம் ஹெம். கட்டத்துல மணிக்கு எத்தனை பீஸ்னு நம்பர் மட்டும், தெரியாத இடத்துல கோடு. "நல்லா அடிப்பார்", "சுமார்"னு எழுத வேண்டாம், யாரும் படிக்க மாட்டாங்க. நம்பரை ஆபரேட்டர்கிட்ட கேட்டு எழுதாம, பக்கத்துல நின்னு பத்து பீஸுக்கு ஸ்டாப்வாட்ச் பிடிச்சு எடுக்கச் சொல்லுங்க. பத்துல முதல் பீஸை விட்டுடுங்க, அது எப்பவும் மெதுவா வரும்.

பல்லடம் லைன்

ட்ரையல்ல ஹிந்திக்காரங்கதான் இருப்பாங்க. இப்பவாவது அந்த இருபது வார்த்தையைச் சொல்லிக் கொடுங்க.