மாண்டரின் சுர மாற்றத்துக்கு என்ன சொல்? “தொனிச் சந்தி” சரியா?

முதல் மடல்

அன்புள்ள குழுவினருக்கு,

பெய்ஜிங்கில் என்னோடு வேலை பார்க்கும் ஆங்கிலேயர் ஒருவர், அடுத்த வாரம் தன் சீனக் காதலியிடம் திருமணம் கேட்கப் போகிறார். மாண்டரினில் பேச்சும் உச்சரிப்புக் குறிப்பும் எழுதிக் கொடுத்தேன். அந்தக் குறிப்பைத் தமிழிலும் எழுதி வருகிறேன். கடைசி வரி, அசைகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் தொனி எண்களோடு:

நி3 யுயென்4 யி4 ச்சியா4 கெய்3 வோ3 மா

“என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்வாயா?” மூன்றாவது தொனி தாழ்ந்து நிற்கும், நான்காவது சட்டென விழும். மூன்றாவது தொனிகள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாவது தொனியாகி மேலேறும். அதனால் ‘கெய்’ இங்கே ஏறுகிறது. இந்த மாற்றத்தைத் “தொனிச் சந்தி” எனலாமா?

மறுமொழி 1

“தொனி” வேண்டாம் அம்மா. ‘அவர் பேசின தொனியே சரியில்லை’ என்கிறோமே, அது வாக்கியம் முழுக்க ஓடும் குரல் போக்கு. உங்கள் நண்பர் தடுக்கி விழப்போவதும் அங்கேதான். கேள்வி என்றதும் ஆங்கிலேயர் குரல் தானாக மேலே போகும். விழ வேண்டிய ‘ச்சியா’வும் சேர்ந்து எழும்பும். அது விழாமல் தாழ்ந்தே நின்றால் ‘போலி’ என்ற வேறு சொல். பதிவு செய்து கேட்கச் சொல்லுங்கள்: ‘ச்சியா’ தொடங்கியதைவிடக் கீழே முடிய வேண்டும். கேள்வியைக் காட்ட ‘மா’ இருக்கிறது.

ஆகவே வாக்கியத்துக்குத் தொனி, சொல்லுக்குச் சுரம். சந்தியும் பொதுச்சொல். பொன்+குடம் பொற்குடம் ஆவது திரிதல். இதுவும் அதே வகை. “சுரத்திரிபு” என்பேன். ஒரு வேறுபாடு: நாம் திரிந்ததை எழுதிவிடுகிறோம். சீனத்தை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யினில் ‘கெய்’ மூன்றாகவே நிற்கும், வாய்தான் மாற்ற வேண்டும்.

மறுமொழி 2

சுரம் என்றால் ச-ரி-க-ம நினைவுதான் வரும் ஐயா. மாண்டரினில் அவரவர் குரலை ஒட்டிய ஏற்ற இறக்கம்தானே? பழைய உரைகளில் ‘எடுத்தல், படுத்தல்’ உண்டு. “எடுப்புத் திரிபு” என்றால் என்ன? அப்புறம், முதலில் வரும் ‘நி’யும் மூன்றுதானே, அதுவும் மேலேற வேண்டாமா?

மறுமொழி 3

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் சீனர். முதலில் கேட்டவள் நான். இதே வரியைச் சொன்னேன், அவர் உடனே திருத்தினார். ‘ச்சியா’ என்பது பெண் வாக்கப்படுவது. ஆணிடம் பெண் கேட்டால் பொருந்தாது. ‘என்னோடு திருமணம்’ என்ற பொருளில் ‘கென் வோ ச்சியேஹுன்’ என்றால் யாரும் யாரிடமும் கேட்கலாம். குறிப்பில் இதையும் சேருங்கள் அக்கா.

முதல் மடல் எழுதியவர்

சேர்த்துவிட்டேன் தங்கையே. ‘நி’ ஏறாது தம்பி. அடுத்தது நான்கு என்பதால் தாழ்ந்து அப்படியே நிற்கும். இன்னொரு மூன்று பின்னால் வந்தால்தான் திரிபு.

நேற்று அவரோடு உட்கார்ந்தேன். ‘யுயென்’னை ‘யுவான்’ என்றே வாசித்தார். ‘உ’வுக்குக் குவித்த உதட்டைக் கலைக்காமல் ‘இ’ சொல்லவைத்ததும் வந்துவிட்டது. ‘ச்சியா’வுக்கு நம் ‘பச்சை’யின் ச்ச அப்படியே பொருந்துகிறது. ‘கெய்வோ’வை ஒரே சொல்லாக்கிப் பழக்குகிறேன்.

“திரிபு” எனக்குச் சம்மதம். சுரமா எடுப்பா என்பதில் மற்றவர்களும் எழுதுங்கள். அதுவரை குறிப்பில் “சுரத்திரிபு” என்றே வைத்திருக்கிறேன்.