லோக்கல் ஸ்டோரேஜில் தமிழுக்கு எவ்வளவு இடம்?

கணிப்பொறியன்:
ஒரு தளம் பிரவுசருக்குள்ளேயே தரவைச் சேமித்துவைக்கும் இடமான லோக்கல் ஸ்டோரேஜின் கொள்ளளவு 5 மெகாபைட். தமிழ் எழுத்து ஒன்றுக்கு 3 பைட். வகுத்துப் பாருங்கள், பதினேழரை லட்சம் எழுத்துக்கு மேல் ஒன்றும் ஏறாது. ஆங்கிலத்துக்கோ ஐம்பத்திரண்டு லட்சம்! தமிழில் செயலி எழுதுகிறவர்கள் லோக்கல் ஸ்டோரேஜைத் தொடவே கூடாது. எல்லாவற்றையும் பிரவுசருக்குள் இருக்கும் தரவுத்தளமான இண்டெக்ஸ்டு டிபியில் போடுங்கள்.

அலைவரிசை:
இந்தக் கணக்கை ஒருமுறையாவது பிரவுசரில் ஓட்டிப் பார்த்தீர்களா? மூன்று பைட் என்பது யுடிஎஃப்-8 கோப்பில். ஜாவாஸ்கிரிப்ட் சரத்தில் 'க' ஓர் அலகு, 'a' ஓர் அலகு. இரண்டுக்கும் யுடிஎஃப்-16 கணக்கில் இரண்டு பைட்தான். குரோம் ஒரு தளத்துக்கு லோக்கல் ஸ்டோரேஜில் கொடுப்பது 10 மெகாபைட், அதை எண்ணுவதும் இந்த அலகில். ஆகவே எந்த மொழியானாலும் சுமார் 52 லட்சம் அலகு ஏறும். எந்தப் பெயரில் சேமிக்கிறோமோ அந்தச் சாவியின் நீளமும் அதில் சேரும். எதுவும் சேமித்திராத ஒரு தளத்தில் கன்சோலைத் திறந்து இதை ஓட்டுங்கள்:

```js
localStorage.setItem('t', 'க'.repeat(5000000));
localStorage.setItem('t', 'க'.repeat(5300000));
```

முதல் வரி ஏறும். இரண்டாவது வரியில் `QuotaExceededError` வரும். 'க'வை எடுத்துவிட்டு 'a' போட்டுப் பாருங்கள், அதே இரண்டு வரிகளில் அதே இரண்டு விடைகள். தமிழுக்கு ஓரவஞ்சனை என்று நீங்கள் கிளப்பிவிட்டது இல்லாத ஒன்று.

கணிப்பொறியன்:
லோக்கல் ஸ்டோரேஜின் விவரக்குறிப்பு பரிந்துரைத்தது ஐந்து மெகாபைட். மெகாபைட் என்றால் பைட். எழுத்து அல்ல, அலகு அல்ல, பைட். நான் எழுதியதில் என்ன தவறு? குரோம் தன் இஷ்டத்துக்கு இரட்டிப்பாகக் கொடுத்தால் அதற்கு நான் பொறுப்பா?

அலைவரிசை:
"பரிந்துரைத்தது" என்று நீங்களே எழுதுகிறீர்கள். அது ஏறத்தாழ மனம்போன போக்கில் வைத்த எல்லை என்று அந்த விவரக்குறிப்பே ஒப்புக்கொள்கிறது. எந்தக் குறியாக்கத்தில் எண்ணுவது என்று அது கட்டளையிடவில்லை. அதன்மேல் யுடிஎஃப்-8ஐ ஏற்றியது நீங்கள்.

தென்கரை:
இருவரும் அளவைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். உண்மையான சிக்கல் ஆயுள். சஃபாரியில் லோக்கல் ஸ்டோரேஜ் ஏழு நாளில் அழிந்துவிடும், இண்டெக்ஸ்டு டிபி அழியாது. இதற்காகத்தான் எல்லோரும் மாறினார்கள். கணிப்பொறியன் சொன்ன காரணம் எதுவாக இருந்தாலும் முடிவு சரி.

அலைவரிசை:
பாதிதான் சரி. 2020 மார்ச்சில் வந்த அந்த ஏழு நாள் விதி, ஸ்கிரிப்ட் எழுதிவைக்கிற எல்லாவற்றுக்கும் பொருந்தும். இண்டெக்ஸ்டு டிபியும் அதில் அடக்கம். ஆக அதற்காக மாறியவர்கள் வீணாக மாறினார்கள். ஏழு நாள் என்பதும் நாட்காட்டி நாள் அல்ல. பயனர் சஃபாரியைத் திறந்து பயன்படுத்திய நாள்களில் ஏழு கழிந்தும் உங்கள் தளத்தில் ஒரு தட்டலோ சொடுக்கோ இல்லையென்றால்தான் அழிக்கும். முகப்புத் திரையில் சேர்த்த செயலிக்குக் கணக்கே வேறு.

மளிகைக்கணக்கு:
ஐயா, இதைப் பேசும் இடத்தில் என் கடைக் கதையையும் கேளுங்கள். கடைக்கு ஒருவர் பில் போடும் பக்கம் செய்து கொடுத்தார். பாதி போட்ட பில்லை நிறுத்திவைத்து, அடுத்த வாடிக்கையாளரைக் கவனித்துவிட்டுத் தொடரலாம். பகலில் நன்றாகவே வேலை செய்கிறது. இரவு எல்லாவற்றையும் மூடிவிட்டுக் காலையில் திறந்தால் நிறுத்திவைத்த பில்கள் இல்லை. இரண்டு தாவலில் திறந்தால் இரண்டிலும் வேறு வேறு பில்கள். 5 மெகாபைட் நிறைந்துவிட்டதா?

கணிப்பொறியன்:
பார்த்தீர்களா! பொருள் பெயரெல்லாம் தமிழில் இருக்கும், நிறைந்துவிட்டது. நான் சொன்னது இதுதான்.

அலைவரிசை:
ஒரு கடையின் நிறுத்திவைத்த பில்கள் பதினேழு லட்சம் எழுத்தா? உங்கள் கணக்கை நிலைநாட்ட அவரை ஏன் குழப்புகிறீர்கள்?

மளிகைக்கணக்கு அவர்களே, நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகளும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. செய்து கொடுத்தவர் `sessionStorage` பயன்படுத்தியிருக்கிறார். அது தாவலோடு பிறந்து தாவலோடு போவது. பக்கத்தைப் புதுப்பித்தால் தாங்கும், மூடினால் தாங்காது. மூடிய கையோடு "மூடிய தாவலைத் திற" கொடுத்தால் பெரும்பாலும் திரும்பிவரும், மறுநாள் காலைக்கு அதை நம்ப முடியாது. ஒரு தாவலைப் பிரதியெடுத்தால் உள்ளே இருப்பதும் பிரதியாகும், அதன்பின் இரண்டும் தனித்தனி வழியில் போகும். உங்கள் இரண்டு தாவல்களில் வேறு வேறு பில்கள் தெரிவது அதனால்தான். டெவலப்பர் கருவியில் `Application` பகுதியைத் திறந்து, பில் எந்தப் பெயரின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள்.

மளிகைக்கணக்கு:
அந்தப் பகுதி எங்கள் டேப்லெட்டில் இல்லையே. சரி, லோக்கல் ஸ்டோரேஜுக்கு மாற்றச் சொன்னால் போதுமா?

தென்கரை:
போதாது. இரண்டு தாவலும் ஒரே சாவியில் எழுதும், கடைசியாக எழுதியது முந்தையதை விழுங்கிவிடும். இண்டெக்ஸ்டு டிபிக்கே போங்கள்.

அலைவரிசை:
ஒவ்வொரு பில்லுக்கும் தனிச் சாவி கொடுத்தால் விழுங்காது. பத்துப் பதினைந்து பில்லுக்கு லோக்கல் ஸ்டோரேஜே தாராளம்.

கணிப்பொறியன்:
அப்படியானால் லோக்கல் ஸ்டோரேஜுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். தேதி வடிவம் பற்றிய பழைய இழையிலும் இப்படித்தான், நான் எது சொன்னாலும் எதிர்ப்பக்கம் போய் நின்றீர்கள். தம்பி, நான் இந்தத் துறைக்கு நேற்று வந்தவன் இல்லை.

அலைவரிசை:
அந்த இழையில் நான் விடை எழுதியபின் உங்கள் பதிவுகளை அழித்துவிட்டீர்கள், அதனால் படிக்கிறவர்களுக்கு என் பதில்கள் மட்டும் அநாதையாக நிற்கின்றன. "தம்பி" வேண்டாம். என் வயது உங்களுக்குத் தெரியாது.

நான் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை. நாவல் எழுதும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் சொற்கள், சொல்லுக்கு இடைவெளி சேர்த்துப் பத்து அலகு என்று வையுங்கள். மொத்தம் பத்து லட்சம் அலகு. குரோமில் ஐந்தில் ஒரு பங்குகூட நிரம்பாது. ஆனாலும் நான் அதை லோக்கல் ஸ்டோரேஜில் வைக்க மாட்டேன். `setItem` முடியும்வரை பக்கம் காத்து நிற்கும். முழு நாவலும் ஒரே சாவியில் இருந்தால், ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும் பத்து லட்சம் அலகையும் மறுபடி எழுத வேண்டும். தானியங்கிச் சேமிப்பு ஓடும் ஒவ்வொரு தடவையும் தட்டச்சு திக்கும்.

அதைவிட மோசமானது, பழைய பிரதிகளையும் அங்கேயே வைப்பது. ஐந்து பிரதி வைத்தபின் ஆறாவதை எழுதும்போது எல்லை தாண்டும். நிரலில் அந்தப் பிழையை வெற்று `catch` விழுங்கினால் திரையில் "சேமிக்கப்பட்டது" என்றே வரும். உள்ளே இருப்பது பழைய பிரதி. எழுதியவருக்கு மறுநாள்தான் தெரியும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: எழுதியவுடன் `getItem` செய்து, வந்ததை எழுதியதோடு ஒப்பிடுங்கள்.

இண்டெக்ஸ்டு டிபியில் அத்தியாயத்துக்கு ஒரு பதிவு. திருத்திய அத்தியாயம் மட்டும் எழுதப்படும், பக்கமும் நிற்காது. இடத்துக்கும் பஞ்சமில்லை, குரோமில் ஒரு தளம் வட்டின் மொத்தக் கொள்ளளவில் 60 சதவீதம் வரை போகலாம்.

கணிப்பொறியன்:
சுற்றி வளைத்து என் முடிவுக்கே வந்துவிட்டீர்கள். இண்டெக்ஸ்டு டிபியில் போடுங்கள் என்றுதானே நானும் சொன்னேன்!

அலைவரிசை:
தமிழ் மூன்று பைட் என்பதால் போடுங்கள் என்றீர்கள். அந்தக் காரணம் பொய். அதை நம்பி ஒருவர், தமிழில் நாலு அமைப்புகளைச் சேமிக்கும் சின்னப் பக்கத்துக்கும் தரவுத்தளம் கட்டிக்கொண்டு அல்லாடுவார். எழுத்துரு அளவு, இரவு நிறம் இவற்றுக்கு லோக்கல் ஸ்டோரேஜே போதும்.

தென்கரை:
ஒரு சந்தேகம். 'தமிழ்' என்று கொடுத்து நீளம் கேட்டால் 5 வருகிறதே? மூன்று எழுத்துதானே?

அலைவரிசை:
மகரத்தோடு இகரக் குறி ஓர் அலகு, ழகரத்தோடு புள்ளி ஓர் அலகு. கண்ணுக்கு மூன்று, சரத்தில் ஐந்து, யுடிஎஃப்-8 கோப்பில் பதினைந்து பைட்.

கணிப்பொறியன்:
ஆக 52 லட்சம் "எழுத்து" ஏறாது! ஒப்புக்கொண்டாயிற்று. கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் கணக்கிட்டால் முப்பது லட்சத்துச் சொச்சம்தான். ஆங்கிலத்துக்கு 52. ஓரவஞ்சனை இருக்கிறதா இல்லையா?

அலைவரிசை:
நான் முதல் பதிவிலிருந்தே அலகு என்றுதான் எழுதினேன், மேலே போய்ப் படியுங்கள். நீங்கள் சொன்னது பதினேழரை லட்சம். இப்போது முப்பதுக்கு ஏறியிருக்கிறீர்கள். இன்னும் இரண்டு பதிவு போட்டால் நான் சொன்ன இடத்துக்கு வந்துவிடுவீர்கள்.

கணிப்பொறியன்:
குரோம், குரோம் என்கிறீர்கள். ஃபயர்பாக்ஸில்? சஃபாரியில்? ஒரே பிரவுசரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பா? விவரக்குறிப்பில் இருப்பது பைட்.

அலைவரிசை:
அந்த இரண்டு வரிகளையும் அங்கே ஓட்ட யாரும் தடை போடவில்லை. எண் மாறலாம். 'க'வுக்கும் 'a'வுக்கும் நடுவே வேறுபாடு வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மளிகைக்கணக்கு:
செய்து கொடுத்தவரிடம் பேசினேன். இண்டெக்ஸ்டு டிபியில் முன்பே போட்டுப் பார்த்தாராம், எழுதும்போதே `TransactionInactiveError` என்று வந்ததால் விட்டுவிட்டாராம். அது சரியில்லாத பொருள் என்கிறார்.

அலைவரிசை:
இண்டெக்ஸ்டு டிபியில் எதை எழுதினாலும் ஒரு பரிவர்த்தனைக்குள்தான் எழுத வேண்டும். அவர் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டு, நடுவில் விலை கேட்க `await fetch` போட்டிருப்பார். செய்ய வேறு வேலை இல்லாத பரிவர்த்தனை தானே முடிந்துவிடும். விலை வந்து சேரும்போது கதவு மூடியிருக்கும். முதலில் விலையை வாங்கச் சொல்லுங்கள், பிறகு பரிவர்த்தனையைத் திறக்கட்டும். "சேமித்தாயிற்று" என்று காட்டுவதையும் `oncomplete` வந்தபின் வைக்கச் சொல்லுங்கள்.

தென்கரை:
வட்டு நிறைந்தால் இண்டெக்ஸ்டு டிபியையும் பிரவுசர் தூக்கி எறியுமே, அதைச் சொல்லவில்லையே? கடைக் கணக்கு அல்லவா?

அலைவரிசை:
எறியும், நீண்ட நாள் தொடாத தளத்திலிருந்து தொடங்கும். `navigator.storage.persist()` கேட்டு அது `true` தந்தால், பயனர் தானே அழிக்கும்வரை இருக்கும். தராவிட்டால் கணக்கின் ஒரு பிரதி சர்வரில் இருந்தே ஆக வேண்டும்.

கணிப்பொறியன்:
இவ்வளவு பேசியவர் ஃபயர்பாக்ஸ் விடையை மட்டும் இன்னும் போடவில்லை. ஏன் என்று படிக்கிறவர்களுக்குப் புரியும்.

அலைவரிசை:
கேள்வி கிளப்பியவர் நீங்கள், ஓட்ட வேண்டியவரும் நீங்கள். இந்த முறை பதிவை அழித்துவிடாதீர்கள்.

மளிகைக்கணக்கு:
அவருக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். எங்கள் கடையில் சர்வர் கிடையாது ஐயா, ஒரு டேப்லெட்தான். அதற்கு என்ன வழி?