ஜன்னலை மறைக்கும் பீரோ: வாடகை வீட்டில் வேறு எங்கே வைப்பது?

சென்னையில் இரண்டாம் மாடி வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். பத்துக்கு ஒன்பது அடிப் படுக்கையறையில் ஒரே ஜன்னல், கிழக்குச் சுவரின் நடுவில், 4 அடி அகலம். அதன் இருபக்கமும் இரண்டரை அடிதான் மிச்சம். மூன்றடி பீரோவை அங்கே வைத்ததால் ஜன்னலின் ஓரம் மறைகிறது, காலை எட்டு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. எட்டு மாதமாக இப்படித்தான் இருக்கிறோம்.

கனத்த திரையை எடுத்துவிட்டு மெல்லிய பருத்தித் திரை போட்டேன், சற்றுப் பலன் உண்டு. எதிரே நிலைக்கண்ணாடி வைத்தால் பக்கத்து வீட்டுச் சாம்பல் சுவர்தான் தெரிகிறது. பீரோவைத் தெற்குச் சுவருக்கு நகர்த்தினேன். கட்டிலுக்கும் அதற்கும் நடுவே ஒன்றேகால் அடிதான், கதவு பாதியில் கட்டிலில் இடிக்கிறது.

கட்டிலைத் திருப்பித் தலைமாட்டை ஜன்னலடியில் வைத்தால், பீரோ மேற்குச் சுவருக்குப் போகும், கதவும் முழுதாகத் திறக்கும். கட்டிலை மரக்கட்டைகளால் ஆறு அங்குலம் உயர்த்தினால் அடியில் டிரங்குப் பெட்டிகளும் நுழையும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் மெத்தையில் அடிக்குமே என்பதுதான் தயக்கம்.

கிழக்கு ஜன்னலடியில் கட்டில் போட்டிருப்பவர்கள், ஆணி அடிக்காமல் சாரலை எப்படித் தடுக்கிறீர்கள்?