ஐந்தாம் வேற்றுமைக்கு எளிய வாக்கியங்கள் வேண்டும்

வணக்கம். எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக வேற்றுமை உருபு அட்டவணை எழுதுகிறேன். ஐ, ஆல், கு வரை சிக்கல் இல்லை. ஐந்தில்தான் நின்றுவிட்டோம்.

‘மரத்தில் ஏறினான்’, ‘மலையில் வீழ் அருவி’ இரண்டிலும் ‘இல்’தானே, ஏன் வேறு கட்டம் என்கிறாள். முதலாவது ஏறிய இடம், அதனால் ஏழாம் வேற்றுமை. அடுத்தது மலையை விட்டு நீங்கி விழுவது, அதனால் ஐந்து. ‘மலையிலிருந்து’ என்று மாற்றினாலும் பொருள் கெடாது, ‘மரத்திலிருந்து ஏறினான்’ என்றால் கெட்டுவிடும் என்று காட்டினேன். சட்டெனப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் ‘காகத்தில் கரிது களாம்பழம்’ என்ற ஒப்புப் பொருளில் இந்தச் சோதனை உதவாது. அங்கே ‘காகத்தைவிட’ என்றுதான் விரிக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் களாம்பழத்தை அவள் பார்த்ததே இல்லை!

ஒப்புக்கும் எல்லைக்கும் வீடு, பள்ளி, விளையாட்டு சார்ந்த இரண்டிரண்டு வாக்கியங்கள் தர முடியுமா? ‘இன்’ உருபு வந்தால், ஆறாம் வேற்றுமையோடு குழம்பாத வாக்கியமாக இருக்கட்டும்.