ஒரே குழுக்கடனுக்கு 12.5, 24.5, 31.5, 37 என்று நாலு வட்டி. பேங்க் சொல்ற 14-ஓட எதை ஒப்பிடணும்?

திண்ணை87:
அத்தைக்காக ரெண்டு கடனை ஒப்பிட்டுப் பார்க்கிறேன், கணக்கு இடிக்குது.

முதலாவது மைக்ரோஃபைனான்ஸ் குழுக்கடன். தொகை ₹40,000. வாரம் ₹900 வீதம் 50 வாரம், ஆக ₹45,000. பிராசசிங் கட்டணம் ₹400, அதுக்கு ஜி.எஸ்.டி. ₹72, இன்சூரன்ஸ் ₹800. இதையெல்லாம் பிடிச்சுக்கிட்டு கணக்குல ₹38,728 போடுவாங்க.

ரெண்டாவது பேங்க் தனிநபர் கடன். அதே ₹40,000, 12 மாசம், 14%, இ.எம்.ஐ. ₹3,591. கட்டணம் ₹1,000 + ஜி.எஸ்.டி. ₹180 பிடிச்சு கைக்கு ₹38,820.

குழுக்கடனுக்கு வசூலுக்கு வர்றவர் 12.5%னு சொல்றார். கடன் அட்டையில 24.5%னு போட்டிருக்கு. ஃபேக்ட் ஷீட்ல 31.5%. நான் எக்செல்ல XIRR போட்டா 37% வருது. இதுல எது பொய்?

கணக்குப்புலி:
12.5ங்கறது பிளாட் வட்டி. 5,000-ஐ 40,000-ஆல வகுத்தது, அவ்வளவுதான். பிளாட் வட்டியை அப்படியே ரெண்டால பெருக்குங்க, 25 வந்துடும். அட்டையில இருக்கற 24.5 அதுதான். ஆக ஒப்பிட வேண்டியது 24.5-ஐயும் 14-ஐயும். மத்தது எல்லாம் குழப்பம். 37ங்கறது உங்க எக்செல் தப்பு.

பேரேடு:
நாலில் எதுவும் பொய்யில்லை. நாலும் வேறு வேறு கேள்விக்குப் பதில், அதுதான் சிக்கல்.

12.5 எப்படி 24.5 ஆகிறது என்பதைத் தவணைக்குள்ளே போய்ப் பாருங்கள். முதல் வாரம் கட்டும் ₹900-இல் வட்டி ஏறத்தாழ ₹189, மீதி ₹711 அசலில் கழிகிறது. இப்படியே 25 தவணை கட்டியபின் அசல் நிலுவை சுமார் ₹21,180-தான். ஆனால் 12.5% என்று சொல்பவர் கடைசி வாரம் வரை நாற்பதாயிரமும் உங்கள் அத்தை கையில் இருப்பதுபோலக் கணக்குப் போடுகிறார். கையில் இருக்கும் பணத்துக்கு மட்டும் வட்டி போட்டால் அதே ₹5,000 வருடத்துக்கு 24.5% ஆகிறது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் நூற்றுக்கு ரெண்டு ரூபாய் வட்டிக்குக் கொஞ்சம் மேல்.

கணக்குப்புலி சொன்ன 'ரெண்டால் பெருக்கு' வழி இங்கே ஏறக்குறைய பொருந்தியது, ஏனென்றால் கடன் சுமார் ஒரு வருடம், தவணைகளும் நிறைய. அதே 12.5 பிளாட்டை 24 மாதத் தவணையில் போட்டால் 22.4-தான் வரும், 25 வராது. அதைவிடப் பெரிய ஓட்டை, கைக்கு வராமலே பிடித்த ₹1,272 அந்த வழியில் கண்ணுக்கே தெரியாது.

எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ இதைப் போடுங்கள்:

```
=RATE(50,-900,40000)*52
=RATE(50,-900,38728)*52
```

முதல் வரி 24.5%. இரண்டாவது 31.5%. கடன் தொகைக்குப் பதில் கைக்கு வந்த தொகையைப் போட்டதுதான் வித்தியாசம். 900-க்கு முன்னால் கழித்தல் குறி இல்லையென்றால் `#NUM!` என்று வரும். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

திண்ணை87:
ரெண்டும் வந்துடுச்சு. அப்போ 37?

பேரேடு:
XIRR வட்டிக்கு வட்டி சேர்த்துச் சொல்லும். வாரத்துக்கு 0.605% வருகிறது. அதை 52-ஆல் பெருக்கினால் 31.5. வாரா வாரம் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டால் 37. எக்செல் சரியாகத்தான் சொன்னது. ஃபேக்ட் ஷீட்டும் பேங்கும் பெருக்கல் முறையில் சொல்வதால் நீங்களும் அதிலேயே நில்லுங்கள். ஒரு கடனை XIRR-இலும் மற்றதை RATE-இலும் போட்டு ஒப்பிடுவதுதான் இந்தக் கணக்கில் அதிகம் நடக்கும் தப்பு.

அடுத்து, எல்லாரும் மறக்கும் பக்கம். பேங்கின் 14-ஐயும் அப்படியே எடுக்கக்கூடாது. அதிலும் ₹1,180 முன்னாலேயே போகிறது:

```
=RATE(12,-3591,38820)*12
```

19.7% வரும். கட்டணம் ரூபாயில் நிலையாக இருந்தால் கடன் சின்னதாக ஆக ஆக அது வட்டியைத் தூக்கிவிடும். இதே ₹1,180-ஐ நாலு லட்சம் கடனில் பிடித்தால் கண்ணில் படாது, நாற்பதாயிரத்தில் கிட்டத்தட்ட 6 புள்ளி ஏற்றுகிறது.

ஆக சரியான ஒப்பீடு 31.5-க்கும் 19.7-க்கும். 12.5-க்கும் 14-க்கும் வைத்தால் குழுக்கடன் மலிவாகத் தெரியும், 24.5-க்கும் 14-க்கும் வைத்தால் பாதி உண்மைதான் தெரியும்.

மலர்க்குழு:
எங்க மகளிர் குழுவுக்கு பேங்க்ல 7%க்குக் குடுக்கறாங்க. நீங்க ஏன் 31% கட்டறீங்க? அத்தையைக் குழுவுல சேரச் சொல்லுங்க, முடிஞ்சது.

பேரேடு:
மலர்க்கா, நீங்கள் சொல்வது சுய உதவிக் குழு. இவர் கேட்பது கூட்டுப் பொறுப்புக் குழு. பேர் ரெண்டுக்கும் 'குழு', கடன் வேறு. உங்களுடையதில் பேங்க் குழுவின் பேரில் கடன் தருகிறது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் ₹3 லட்சம் வரை 7%. இவர்களுடையதில் கம்பெனி ஒவ்வொருவர் பேரிலும் தனித்தனியாகத் தருகிறது, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு.

அந்த 7 குழுவுக்கு வரும் விலை. உறுப்பினருக்குக் குழு எத்தனைக்குத் தருகிறது?

மலர்க்குழு:
நூத்துக்கு ஒண்ணரை ரூபா. வட்டி லாபம் குழுக் கணக்குலயே இருக்கும், வருஷக் கடைசியில பிரிப்போம்.

பேரேடு:
அப்போ கடன் வாங்குபவருக்கு அது 18%. மீதி இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி பிடிக்கிறீர்கள் என்றால்தான் 18. முதல் தொகைக்கே கடைசி வரை பிடித்தால் அதுவும் பிளாட்தான், மேலே சொன்ன கதை. லாபம் திரும்ப வருவதால் உண்மையில் குறையும், எவ்வளவு என்பது பங்கு பிரிப்பதைப் பொறுத்தது. ஆனாலும் அத்தை புதிதாகச் சேர்ந்தால் உடனே ₹40,000 கிடைக்காது, சேமிப்பும் கூட்டமும் சில மாதம் ஓட வேண்டும்.

கணக்குப்புலி:
ஒரு விஷயம் ஒத்துக்க முடியல. இன்சூரன்ஸ் ₹800-ஐ ஏன் வட்டியில சேர்க்கணும்? அத்தைக்கும் மாமாவுக்கும் ஏதாவது ஆனா கடன் அடையுது, அது பொருள் வாங்கின மாதிரி. அதை எடுத்துட்டா எவ்வளவு?

பேரேடு:
எடுத்தால் 27.1%. `38728`-க்குப் பதில் `39528` போட்டுப் பாருங்கள்.

சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. கடன் தருபவரே பிடித்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கட்டும் தொகையும் வருடாந்திர வீதத்தில் சேர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் வரும் புதிய கடன்களுக்கு அது கட்டாயம். ஃபேக்ட் ஷீட்டில் 31.5 இருப்பது அதனால்தான்.

ஆனால் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேங்க் கடனில் இன்சூரன்ஸே இல்லை. காப்பு உள்ள கடனையும் இல்லாத கடனையும் ஒரே எண்ணில் ஒப்பிடுகிறோம். நான் இன்சூரன்ஸை வீதத்தில் சேர்த்தே பார்ப்பேன், காப்பு வேண்டுமா என்பதைத் தனியாக யோசிப்பேன். நீங்கள் 27.1-ஐ எடுத்தாலும் பேங்க் பக்கம்தான் சாயும்.

கணக்குப்புலி:
சாயும், சரி. ஆனா காப்பை இனாமா நினைக்கறது எப்படிப் பிழையோ, அதை வட்டின்னு சொல்றதும் பிழைதான். இதுல நான் மாறமாட்டேன்.

திண்ணை87:
ரூபாயில எவ்வளவு வித்தியாசம்னு போட்டுப் பார்த்தேன். குழுக்கடன்: 45,000 - 38,728 = ₹6,272. பேங்க்: 12 × 3,591 = 43,092, அதுல 38,820 போக ₹4,272. வருஷத்துக்கு ₹2,000 வித்தியாசம். சரியா?

பேரேடு:
சரி. முடிவை அந்த ரெண்டாயிரத்தை வைத்தும் எடுக்கலாம். பேங்க் சம்பளச் சீட்டோ வருமான வரி ரிட்டர்னோ கேட்கும். நாலு தடவை பேங்குக்கு அலைவதில் அத்தைக்கு நாலு நாள் கூலி போனால் ரெண்டாயிரத்தில் பாதி அங்கேயே கரையலாம். மறுபக்கம் குழுக்கடனில் வாராவாரம் கூட்டத்துக்குப் போகும் நேரமும் இருக்கிறது. அடுத்தவர் தவணைக்குப் பொறுப்பேற்பதும் இருக்கிறது. அதை எந்த ஃபார்முலாவும் பிடிக்காது.

கையெழுத்துப் போடும் முன் ஒன்று செய்யுங்கள். ஃபேக்ட் ஷீட்டில் பிடித்தம் எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் இல்லாத எந்தத் தொகையையும் மைக்ரோஃபைனான்ஸ் கடனில் வசூலிக்கக்கூடாது. பணம் வந்ததும் பாஸ்புக் வரவையும் அந்தத் தாளையும் ஒப்பிடுங்கள். ₹38,728-க்குக் குறைந்திருந்தாலோ, கூட்டத்தில் தனியாக ஐம்பது நூறு ரொக்கமாகக் கேட்டாலோ, அதையும் கைக்கு வந்த தொகையிலிருந்து கழித்துவிட்டு RATE-ஐ மறுபடி போடுங்கள். வீதம் உடனே ஏறும்.

வாரத்தவணை:
குறுக்கிடறேன், எனக்கும் இதே மாதிரி கடன், இதே தொகை, இதே தவணை. 25 வாரம் கட்டியாச்சு. முழுசா அடைக்கலாம்னு கேட்டா, மீதி 25 தவணை இருக்கு, ₹22,500 கட்டுங்கனு சொல்றாங்க. முன்கூட்டி அடைச்சா லாபமே இல்லையா?

பேரேடு:
அது தவறு. மீதித் தவணைகளுக்குள் இன்னும் ஓடாத வாரங்களின் வட்டியும் இருக்கிறது. நீங்கள் கட்ட வேண்டியது அசல் நிலுவை, அதாவது மேலே சொன்ன சுமார் ₹21,180, கூடவே கடைசித் தவணையிலிருந்து அடைக்கும் நாள் வரைக்கான சில நாள் வட்டி.

```
=PV(24.5%/52,25,-900)
```

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி மைக்ரோஃபைனான்ஸ் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. ₹22,500 வாங்கினால் பேர் அபராதம் இல்லையே தவிர ஆயிரத்து முந்நூறு ரூபாய் அபராதம்தான். தவணை அட்டையில் 25-ஆம் வரிக்கு நேரே 'அசல் நிலுவை' என்று ஒரு எண் இருக்கும், அதைக் காட்டிக் கேளுங்கள். அதற்கும் மறுத்தால் கணக்கு முடிப்புத் தொகையை எழுத்தில் கேளுங்கள்.

வாரத்தவணை:
அட்டையில அந்த வரியே இல்லையே. தேதி, 900, கையெழுத்து, இவ்வளவுதான் இருக்கு.

பேரேடு:
அப்படியென்றால் உங்களிடம் இருப்பது வசூல் அட்டை. தவணை அட்டவணை தனித் தாள், கடன் ஒப்பந்தத்தோடு சேர்ந்து வந்திருக்க வேண்டும். ஒப்பந்த நகலைப் பாருங்கள், இல்லையென்றால் கிளையில் கேளுங்கள்.

வாரத்தவணை:
நகலே குடுக்கலைனு நினைக்கறேன். வியாழக்கிழமை கூட்டம் இருக்கு, கேட்டுட்டு வந்து எழுதறேன்.